தாத்தாவின் உயில் எங்கே? பெரியப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: தாத்தா போன ஆடியில் காலமானார். பாட்டியும் என் அப்பாவும் அதற்கு முன்பே தவறிவிட்டார்கள். பெரியப்பா கும்பகோணம் வீட்டில் இருக்கிறார், அத்தை திருச்சியில். தாத்தா கடைசிக் காலத்தில் சில வருடங்கள் அத்தை வீட்டில்தான் இருந்தார். "உயில் எழுதி வச்சாச்சு, பெரியவன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று அவர் சொன்னதை அம்மா கேட்டிருக்கிறார். நாங்கள் கோவையில் இருக்கிறோம். அந்த உயில் எங்கே இருக்கிறது என்று பெரியப்பாவுக்கு மனம் கோணாமல் எப்படிக் கடிதம் எழுதுவது? அவர் பதில் போடாவிட்டால் என்ன செய்வது?

பதில்:

போனில் கேட்காமல் கடிதமாகக் கேட்க நினைத்தது நல்லது. போனில் பேச்சு இரண்டாவது நிமிடத்திலேயே "அப்போ என்னைச் சந்தேகப்படுறியா" என்ற இடத்துக்குப் போய்விடும். கடிதமென்றால் பெரியப்பா நிதானமாகப் படித்து, பெரியம்மாவிடம் காட்டி, யோசித்துப் பதில் சொல்லலாம். நீங்கள் இன்ன தேதியில் கேட்டீர்கள் என்பதற்கு ஒரு எழுத்தும் இருக்கும். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம். கையால் எழுதி, ஒரு நகல் வைத்துக்கொண்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

பத்திர எழுத்தராக இருந்து இப்படிப்பட்ட கடிதங்களைப் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கானால் இப்படி எழுதுவேன்:

கோயம்புத்தூர்
(தேதி)

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் தங்கையும் நலம். நீங்களும் பெரியம்மாவும் அண்ணனும் நலமா? பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

தாத்தாவின் காரியங்களை நீங்களே முன்னின்று ஒரு குறையும் இல்லாமல் செய்தீர்கள். முதல் வருடத் திதிக்கு நாங்கள் மூவரும் முந்தின நாளே வந்துவிடுகிறோம்.

ஒரு விவரம் தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன். தாத்தா உயில் எழுதி வைத்திருப்பதாகவும், அதுபற்றி உங்களிடம் சொல்லியிருப்பதாகவும் அம்மாவிடம் ஒருமுறை கூறியிருக்கிறார். அந்த உயில் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன். வீட்டு பீரோவிலோ, தாத்தாவின் வங்கி லாக்கரிலோ, எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். உங்களிடமே இருந்தால் அசல் அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் மட்டும் அனுப்பினால் போதும். பதிவு செய்த உயிலாக இருந்து, கைவசம் இல்லையென்றால், எந்த ஊர் அலுவலகம், ஏறத்தாழ எந்த வருடம் என்று சொன்னாலும் நானே நகல் மனு போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தாத்தா உங்களிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் அதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். திருச்சி அத்தைக்கும் இதே விவரம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள்.

தங்கள் அன்புள்ள,
(பெயர்)

கடிதம் கேட்பது ஒன்றே ஒன்று: உயில் இருக்கும் இடம். அதில் என்ன எழுதியிருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று ஒரு சொல் கூட இல்லை. பங்கு என்ற சொல் வந்த உடனே அது பாகப்பிரிவினைக் கடிதமாகிவிடும். பெரியப்பாவும் அப்படித்தான் பதில் சொல்வார். "அசல் அங்கேயே இருக்கட்டும்" என்ற வரி முக்கியம். அசலைப் பிடுங்க வருகிறார்கள் என்ற பயம்தான் பல பெரியவர்களைப் பேசாமல் இருக்க வைக்கிறது. பீரோ, லாக்கர், எழுத்தர் என்று நீங்களே நாலு இடம் சொல்லிவிட்டால், அவர் ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லியிருப்பதால் மௌனத்துக்கு இடம் குறைகிறது. அத்தைக்கும் எழுதியிருப்பதாகச் சொல்வது மிரட்டல் இல்லை, ஒளிவுமறைவு இல்லை என்று காட்டுவதற்குத்தான். சொன்னபடி அத்தைக்கும் அதே நாளில் எழுதிவிடுங்கள்.

மரியாதைக்காகச் சிலர் ஒரு வரி சேர்ப்பார்கள்: "தாத்தா எப்படி எழுதியிருந்தாலும் எங்களுக்குச் சம்மதம், சொத்து எங்களுக்குப் பெரிதல்ல." தயவுசெய்து இதை எழுதாதீர்கள். நாளைக்கு உயில் செல்லுமா செல்லாதா என்ற பேச்சு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். அதேபோல "மறைத்து வைத்திருக்கிறீர்களாமே" என்ற தொனியும் வேண்டாம். மறைத்ததாக உங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

கடிதம் போன பிறகு பதிலுக்காகச் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. பெரியப்பா தயவு இல்லாமலே நீங்கள் பார்க்கக்கூடிய இடங்கள் உண்டு. பலருக்கு இது தெரியாததால்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கிறது.

முதலில் தாத்தா பேரில் இருந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் வில்லங்கச் சான்று போடுங்கள். tnreginet.gov.in தளத்திலேயே பார்க்கலாம். கையில் பத்திர எண்ணோ சர்வே எண்ணோ இருந்தால் போதும். வில்லங்கத்தில் உயில் தெரியாது, அப்புறம் ஏன் பார்க்கவேண்டும் என்று கேட்பீர்கள். பெரியவர்கள் "எழுதி வச்சாச்சு" என்று சொல்லும்போது அது எப்போதும் உயிலாக இருப்பதில்லை. பல வீடுகளில் அது செட்டில்மென்ட் பத்திரமாக இருக்கும். செட்டில்மென்ட் என்றால் எழுதிப் பதிவு செய்தபோதே சொத்து கைமாறிவிட்டது. உயில் என்றால் எழுதியவர் இறந்த பிறகுதான் உயிர் பெறும். தாத்தா இருந்தபோதே வீட்டை யாருக்காவது செட்டில்மென்ட் செய்திருந்தால் அது வில்லங்கத்தில் பளிச்சென்று இருக்கும். பிறகு அந்த வீட்டைப் பொறுத்தவரை உயிலைத் தேடிப் பயனில்லை. தன்னிடம் இல்லாத சொத்தை யாரும் உயிலில் கொடுக்க முடியாது.

வில்லங்கத்தில் உயில் ஏன் தெரியாது என்றால், பதிவு அலுவலகத்தில் அது வேறு புத்தகத்தில் ஏறுகிறது. கிரயம், செட்டில்மென்ட், அடமானம் எல்லாம் 1ஆம் புத்தகம். வில்லங்கச் சான்று அதிலிருந்துதான் வருகிறது. உயில் 3ஆம் புத்தகம். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை 3ஆம் புத்தகத்து நகலை அவருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர யாருக்கும் தரமாட்டார்கள், பெற்ற பிள்ளைக்குக்கூட. ஆனால் அவர் இறந்த பிறகு யார் மனு போட்டாலும் நகல் தரவேண்டும். இது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவு. உங்களுக்குப் பெரியப்பாவின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. தாத்தாவின் இறப்புச் சான்றும் உங்கள் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். புத்தகத்தை நீங்களே புரட்ட விடமாட்டார்கள். அலுவலர்தான் அட்டவணையில் பெயர் தேடுவார். தாத்தாவின் பெயரை அவர் கையெழுத்துப் போட்ட மாதிரியே, தகப்பனார் பெயரோடு எழுதிக்கொடுங்கள். முதலெழுத்து மாறினாலே "பதிவு எதுவும் இல்லை" என்று பதில் வந்துவிடும்.

எந்த அலுவலகம் என்பதில்தான் ஆட்கள் தவறிவிடுகிறார்கள். வீட்டுக் கிரயப் பத்திரத்தை வீடு இருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில் பதிவார்கள். உயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். உங்கள் தாத்தா கும்பகோணத்தில் இருந்தபோது அங்கே ஒரு உயில் பதிந்திருக்கலாம். பிறகு திருச்சியில் அத்தை வீட்டில் இருந்தபோது வேறொன்றும் பதிந்திருக்கலாம். இரண்டு ஊரிலும் தேடுங்கள், அதுவும் அவர் அந்தந்த ஊரில் குடியிருந்த பகுதிக்கான அலுவலகத்தில் முதலில். கடைசியாக எழுதிய உயில்தான் நிற்கும். பெரியப்பா முந்தைய உயிலை நேர்மையாக எடுத்துக் காட்டினாலும், அதற்குப் பிறகு திருச்சியில் ஒன்று இருந்தால் முந்தையது காகிதம்தான். பதிவு செய்த உயிலைப் பின்னால் எழுதிய பதிவு செய்யாத உயில் மாற்றலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்துப் போட்டிருந்தால் அது உயில்தான்.

பதிவு நடந்ததா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே தடயம் கிடைக்கும். அத்தையிடம் கேளுங்கள்: தாத்தா யாரோடாவது பதிவு அலுவலகம் போனாரா? நடக்க முடியாத நிலையில் இருந்தபோது சார்பதிவாளர் வீட்டுக்கு வந்தாரா? தக்க காரணம் இருந்தால் அவர் வீட்டுக்கு வந்து பதிவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி வந்திருந்தால் தெருவே பார்த்திருக்கும். தாத்தாவின் பழைய பத்திரங்களில் எழுத்தரின் பெயர் இருக்கும். ஒரே குடும்பம் பெரும்பாலும் ஒரே எழுத்தரிடம்தான் போகும். அவரோ அவர் மகனோ இன்னும் கடை வைத்திருந்தால், ஒரு காபியோடு விஷயம் தெரிந்துவிடும்.

அதிகம் பேர் அறியாத இன்னொரு இடம் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து அவரிடம் ஒப்படைத்து வைக்கலாம். அது உள்ளடக்கம் யாருக்கும் தெரியாமல் தீப்பிடிக்காத பெட்டியில் இருக்கும். உறையின் மேல் எழுதியது மட்டும் 5ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் இறந்த பிறகு ஒருவர் மனு செய்தால், இறப்பை உறுதிசெய்துகொண்டு, மனுதாரர் முன்னிலையில் உறையைப் பிரித்து, 3ஆம் புத்தகத்தில் நகல் எடுப்பார்கள். அசல் மறுபடி அங்கேயே இருக்கும். இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. என் அனுபவத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் வக்கீல்களும்தான் செய்கிறார்கள். ஆனாலும் மாவட்டப் பதிவாளருக்கு ஒரு மனு கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

லாக்கர் தாத்தா பேரில் இருந்தால் நாமினி யார் என்று வங்கியில் கேளுங்கள். திறக்கும்போது சாட்சிகள் முன்னால் உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுப்பார்கள். உறை ஏதாவது இருந்தால் பட்டியலில் வரும். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஆள்தான், அதனாலேயே சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

சரி, பெரியப்பா பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இருக்கு, வந்து பார்" என்றால் அம்மாவோடு போங்கள். எல்லாப் பக்கத்தையும், பின்பக்க முத்திரைகளையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் எந்த அலுவலகம், எத்தனையாவது புத்தகம், என்ன எண், எந்த வருடம் என்று இருக்கும். "3ஆம் புத்தகம்" என்று இருந்தால் உயில், "1ஆம் புத்தகம்" என்று இருந்தால் வேறு ஏதோ பத்திரம். பிறகு சாட்சிகள் இருவரின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றியே ஆகவேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதில் விலக்கு இல்லை. உயிலால் பெரிதாகப் பயன்படுகிறவரே அதை எழுத வைப்பதில் முன்னின்றிருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே சொல்லிவிட்டது. இது பெரியப்பாவுக்கும் பொருந்தும், அத்தைக்கும் பொருந்தும்.

"உயில் எதுவும் கிடையாது" என்று எழுதினால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் நிலையில் அது பாதகமான பதிலே இல்லை. உயில் இல்லாவிட்டால் தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். தாத்தாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர் மட்டும்தான் என்றால் பெரியப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு, மறைந்த உங்கள் அப்பாவின் கிளைக்கு ஒரு பங்கு. அந்த மூன்றில் ஒன்றை அம்மா, நீங்கள், தங்கை மூவரும் சமமாக எடுத்துக்கொள்வீர்கள், ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. அப்பா உயிரோடு இருந்திருந்தால் பங்கு அவருக்குத்தான், பேரன் என்ற முறையில் உங்களுக்கு நேராக எதுவும் வந்திருக்காது. அதே நேரத்தில் உயில் இருந்தால் தாத்தா உங்கள் கிளையை முழுவதுமாக விட்டிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. சுயசம்பாத்தியத்தில் பேரனுக்குக் கட்டாயப் பங்கு கிடையாது.

இதை வைத்தே பெரியப்பாவின் மௌனத்தையும் கொஞ்சம் படிக்கலாம். தனக்குச் சாதகமான உயிலை யாரும் நெடுநாள் பீரோவில் வைத்திருப்பதில்லை. பட்டா மாற்ற வேண்டுமே, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனவே பதில் வராமல் இருந்தால், உயிலே இல்லாமல் இருக்கலாம், இருப்பது அவருக்கு அவ்வளவாக உதவாமல் இருக்கலாம், அல்லது வருடத் திதி முடியாமல் சொத்துப் பேச்சு எடுக்கக்கூடாது என்று பழைய மனிதராக அவர் ஒதுங்கியிருக்கலாம். கடைசிக் காரணம்தான் நான் அதிகம் பார்த்தது. அதனால் பதில் வராவிட்டாலும் திதிவரை பொறுங்கள். திதிக்குப் போகும்போது நேரில் ஒரு வார்த்தை நினைவூட்டுங்கள், சாப்பாட்டுப் பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு.

பொறுமையாக இருக்கும் நாட்களில் ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். வாரிசுச் சான்று வாங்குவதற்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் மனுவைப் படித்து, அம்மா, நீங்கள், தங்கை மூவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து மட்டும் போடுங்கள். உயிலையோ நகலையோ பார்க்காமல் விடுதலைப் பத்திரம், பவர், ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வெற்றுத்தாள் எதிலும் மூவரும் கையெழுத்துப் போடவேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கத்தையும் பட்டாவையும் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவுக்கு eservices.tn.gov.in.

திதிக்குப் பிறகும் பதில் இல்லை, 3ஆம் புத்தகத்திலும் எதுவும் இல்லை, ஆனால் உயில் அவரிடம் இருப்பதாக நம்பக் காரணம் இருக்கிறது என்றால் அப்போது வக்கீலைப் பாருங்கள். உயில் போன்ற ஆவணம் ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கொண்டுவந்து தாக்கல் செய்யும்படி மாவட்ட நீதிபதி உத்தரவிட முடியும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 267ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. மோசடி எண்ணத்தோடு உயிலை மறைப்பதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். இருந்தாலும் போலீஸ் நிலையத்தில் தொடங்காதீர்கள், சொத்துத் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் முதல் கடிதத்தின் நகலும் ஸ்பீட் போஸ்ட் ரசீதும் வக்கீலுக்கு அன்றைக்குத் தேவைப்படும், இறப்புச் சான்றோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.